குழந்தைகள் இல்லத்தில் மாலை நேரம்: கட்டாயமில்லாத ஒழுங்கை அமைப்பது எப்படி

குழந்தைகள் இல்லங்களில் மாலைப் பொறுப்பில் இருக்கும் அக்காக்கள், வார்டன்கள், புதிதாக வரும் தன்னார்வலர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். பள்ளி விட்டு வரும் நாலரை மணியிலிருந்து விளக்கணைக்கும் வரை என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் விஷயம்.

புதிதாக வருபவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். வந்ததும் “திங்கள் ஓவியம், செவ்வாய் பாட்டு, புதன் யோகா” என்று அட்டவணை போட்டுவிடுகிறார்கள். இரண்டு வாரத்தில் அது சுவரில் ஒட்டிய காகிதமாகிவிடும். மாலை நேரம் கெடுவது செயல்பாடு இல்லாததால் அல்ல. ஒரு வேலைக்கும் அடுத்த வேலைக்கும் நடுவில் பிள்ளைகள் சும்மா காத்திருக்கும் நேரத்தில்தான் கெடுகிறது. ஆகவே காத்திருப்பை முதலில் சரிசெய்துவிட்டு, விளையாட்டைப் பிறகு தேர்ந்தெடுங்கள்.

விளக்கத்துக்கு ஓர் இல்லத்தை எடுத்துக்கொள்வோம். 22 பெண் குழந்தைகள். ஆறிலிருந்து ஒன்பது வயதில் 7 பேர், பத்திலிருந்து பதிமூன்றில் 10 பேர், அதற்கு மேல் 5 பேர். அந்த ஐவரில் இரண்டு பேர் பத்தாம் வகுப்பு. குளியலறை மூன்று. மாலையில் இரண்டு அக்கா, ஒரு சமையலம்மா. மாவட்டத் தலைநகரங்களில் இருக்கும் நடுத்தர இல்லம் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

## 1. ஒரு வாரம் எதையும் மாற்றாமல் பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்து, நாலரையிலிருந்து பத்து மணி வரை அரை மணிக்கு ஒரு கட்டம் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள்: யார் எங்கே இருந்தார்கள், சண்டையோ அழுகையோ எங்கே தொடங்கியது.

வார முடிவில் புரட்டிப் பார்த்தால் சண்டைகள் சில இடங்களில் குவிந்திருக்கும். பெரும்பாலும் குளியலறை வாசல், சாப்பாட்டுக்கு முந்தைய கால் மணி நேரம், படுக்கப் போகும் நேரம். ஞாயிறு என்றால் பார்வையாளர்கள் போன பிறகு. சண்டை போட்டவளின் குணத்தைப் பற்றி எழுத வேண்டாம், இடத்தையும் நேரத்தையும் எழுதினால் போதும். “அவ எப்பவும் இப்படித்தான்” என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் நமக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. “ஆறு மணிக்குக் குளியலறை வாசலில்” என்று எழுதினால் வரிசையை மாற்ற முடியும்.

தொடங்கும் முன் இன்னும் மூன்று தகவல்கள் வேண்டும்: எந்தப் பிள்ளைக்கு எந்த நாளில் தொலைபேசி அழைப்பு அல்லது பார்வையாளர், யார் இரவில் மருந்து சாப்பிடுகிறார்கள், பள்ளியில் சிறப்பு வகுப்பு முடிந்து தாமதமாக வருபவர்கள் யார். இவை அலுவலகக் கோப்பில் இருக்கும், ஆனால் மாலை அக்காவின் கைக்கு வந்திருக்காது.

## 2. அசையாத நேரங்கள் நான்கு

சிற்றுண்டி, குளியல், சாப்பாடு, படுக்கை. இந்த நான்குக்கும் நேரம் குறித்து, அதை அசைக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்படி இப்படி நகரலாம்.

வீடு மாறி, உறவினர் மாறி, சிலர் இல்லமும் மாறி வந்த பிள்ளைகள் இவர்கள். “அடுத்து என்ன?” என்பது அவர்களுக்குச் சாதாரணக் கேள்வி அல்ல. சாப்பாடு ஏழே முக்காலுக்கு என்றால் ஏழே முக்காலுக்கு வர வேண்டும். எட்டரைக்கு வந்த நாளில் தட்டில் இருந்ததை ஒளித்து வைக்கும் பிள்ளையை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அட்டவணையை நீங்களே எழுதி ஒட்டிவிடக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016 மாதிரி விதிகள், அன்றாட நேர ஒழுங்கை, இல்லத்துப் பிள்ளைகளே உறுப்பினராக இருக்கும் குழந்தைகள் குழுவோடு கலந்து பேசித் தயாரித்து, இல்லத்தில் பார்வையில் படும்படி வைக்கச் சொல்கின்றன. பல இல்லங்களில் குழு பதிவேட்டில் மட்டும் இருக்கிறது. அதை நிஜமாகவே கூட்டிக் கேளுங்கள். “படிப்புக்கு முன்னாடி குளியலா, பின்னாடியா?” மாதிரி, பதில் எதுவானாலும் நீங்கள் நிறைவேற்றக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். நிறைவேற்ற முடியாததைக் கேட்டு வைத்தால் அடுத்த கூட்டத்தில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

## 3. குளியல் கணக்கு

வழிகாட்டியில் குளியலறையா என்று தோன்றலாம். மாலையின் முதுகெலும்பே அதுதான்.

நம் இல்லத்தில் 22 பேர், மூன்று குளியலறை. ஒருவருக்கு எட்டு நிமிடம் என்றால் எட்டுச் சுற்று, ஒரு மணி நேரத்துக்கு மேல். எல்லோரையும் ஒன்றாக “போய் குளிங்க” என்று அனுப்பினால், முதல் சுற்றில் பத்தொன்பது பேர் வாளியோடும் துண்டோடும் வெளியே நிற்பார்கள். அங்கே சண்டை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பிரித்துப் பாருங்கள். சின்னவர்கள் ஏழு பேருக்கு மூன்று சுற்று, 25 நிமிடம். நடுத்தரப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு நான்கு சுற்று, 35 நிமிடம். பெரிய பிள்ளைகள் ஐந்து பேரும், மற்றவர்கள் படிக்க உட்கார்ந்த பிறகு தங்களுக்கு வசதியான நேரத்தில் குளிக்கட்டும். பதினைந்து வயதுப் பெண்ணுக்கு வரிசை இல்லாமல், யாரும் கதவைத் தட்டாமல் குளிப்பது பெரிய விஷயம்.

இப்படிப் பிரித்தால் மாலை இவ்வாறு வரும்:

- 4.30 – வருகை, சிற்றுண்டி
- 5.00 – வெளி விளையாட்டு
- 5.45 – சின்னவர்கள் குளியல், மற்றவர்களுக்குப் பாய்
- 6.10 – நடுத்தரப் பிள்ளைகள் குளியல், சின்னவர்களுக்குப் பாய்
- 6.45 – படிப்பு
- 7.45 – சாப்பாடு
- 8.15 – மறுபடி பாய்
- 8.45 – சின்னவர்கள் படுக்கை, 9.15 நடுத்தரப் பிள்ளைகள், 10.00 பெரியவர்கள்

‘பாய்’ என்று எழுதியிருப்பதுதான் செயல்பாட்டு நேரம். கூடத்தில் இரண்டு பெரிய பாய் விரித்து, சாமான்களை வைத்து, ஓர் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். குளியலுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே அதை வைத்திருப்பதைக் கவனியுங்கள். முன்பு சண்டை நடந்த நேரம் அதுதான். இன்னோர் அக்கா குளியல் பக்கம் நின்று மும்மூன்று பேராகக் கூப்பிடுவார். பெயர் கூப்பிடும் வரை வாளியைத் தொட வேண்டாம் என்ற ஒரே விதி போதும்.

## 4. வந்ததும் முதல் அரை மணி

வாசலில் ஓர் அக்கா நிற்க வேண்டும். தினமும் ஒரே ஆள் என்றால் மிக நல்லது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். டைரியையும் மார்க்கையும் அப்போது கேட்க வேண்டாம். அன்று பள்ளியில் ஏதாவது நடந்திருந்தால், சுண்டல் சாப்பிட்டுப் பத்து நிமிடம் ஆன பிறகு அதுவாகவே வெளியே வரும். வாசலிலேயே கேட்டால் “ஒண்ணுமில்லக்கா” என்ற பதில்தான் கிடைக்கும்.

சிறப்பு வகுப்பு முடிந்து ஐந்தரைக்கு வரும் இரண்டு பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை மறக்காதீர்கள். அவர்கள் பங்குச் சுண்டலை முதலிலேயே எடுத்து, தட்டு போட்டு மூடி, மேலே பெயர் எழுதிய சீட்டு வையுங்கள். “மிச்சம் இருந்தா சாப்பிடு” என்பதற்கும் “உனக்கு எடுத்து வெச்சிருக்கேன்” என்பதற்கும் உள்ள வேறுபாடு அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும். ‘இது என் இடம்’ என்ற உணர்வு இந்த மாதிரிக் காரியங்களில்தான் வருகிறது, “நாம எல்லாரும் ஒரே குடும்பம்” என்று சொல்வதில் அல்ல. சொல்லப்போனால், வீட்டில் அம்மா இருக்கும் பிள்ளையிடம் அப்படிச் சொல்லாமல் இருப்பதே மேல்.

## 5. பாயில் என்ன வைப்பது

ஒரு விளையாட்டைப் பாய்க்குத் தேர்ந்தெடுக்க மூன்று கேள்வி கேளுங்கள். நடுவில் வந்து சேர முடியுமா? நடுவில் எழுந்து போக முடியுமா? முடிக்காமல் விட்டதை நாளைக்குத் தொடர முடியுமா? இரண்டுக்காவது ‘ஆமாம்’ என்றால் எடுத்துக்கொள்ளுங்கள்.

சொட்டாங்கல் நன்றாகப் பொருந்தும். ஆள் வந்தால் சேரலாம், குளிக்கக் கூப்பிட்டால் போகலாம். பல்லாங்குழி இரண்டு பேருக்கு, சீக்கிரம் முடியும். தாயம் கொஞ்சம் நீளும், ஆனால் ஒருத்தி எழுந்து போனால் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள் காய்களை எடுத்து ஆடலாம். ஒயர் கூடை பின்னுவது, புள்ளி வைத்த நோட்டில் கோலம், வண்ணம் தீட்டுவது, பாசி கோப்பது ஆகியவை மூன்று கேள்விக்கும் தேறும்.

மியூசிக்கல் சேர் தேறாது. முதலில் வெளியே போவது பெரும்பாலும் புதிதாக வந்த பிள்ளை, அதன் பிறகு அவளுக்கு ஓரமாக நின்று பார்ப்பது மட்டுமே. இரண்டு தலைவிகள் ஆள் பிரிக்கும் ஆட்டங்களிலும் கடைசியாக யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். வெளி விளையாட்டில் கோகோ, கபடி ஆடட்டும், ஆனால் அணியைச் சீட்டுக் குலுக்கிப் பிரியுங்கள். கண்ணைக் கட்டும் ஆட்டங்களைத் தவிர்த்துவிடுங்கள். இருட்டோடு என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று எல்லாப் பிள்ளைகளைப் பற்றியும் நமக்குத் தெரியாது.

‘உன் வீட்டை வரை’, ‘அம்மாவுக்குக் கடிதம்’, குடும்ப மரம் போன்ற தலைப்புகளை ஓவிய நேரத்தில் கொடுக்காதீர்கள். பிள்ளையே வரைந்தால் அது வேறு. அப்போதும் “இது யாரு, இது யாரு” என்று துருவ வேண்டாம். சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். யாரோ தன்னைத் துன்புறுத்தியதாக ஒரு பிள்ளை சொன்னால், மேற்கொண்டு கேள்வி அடுக்காமல், சொன்னதை அவள் சொன்ன வார்த்தையிலேயே எழுதி, அன்றைக்கே பொறுப்பாளருக்குத் தெரிவியுங்கள். பொறுப்பாளர் மேலே குழந்தைகள் நலக் குழுவுக்கும் காவல்துறைக்கும் கொண்டுபோக வேண்டும். இல்லத்திலேயே யார் மீதாவது சந்தேகம் என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ நீங்களே அழைக்கலாம்.

கத்தரி, ஊசி, ஒயர் மூன்றையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் வழக்கமுள்ள பிள்ளை இருந்தால் அவை அக்காவின் கையெட்டும் தூரத்தில் மட்டும்.

## 6. ஆளுக்கு ஒரு மஞ்சப்பை

இதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு, பலன் அதிகம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு மஞ்சப்பை, அதில் நூலால் பெயர், சுவரில் அவளுக்கென்று ஓர் ஆணி. பாதி பின்னிய கூடை, முடிக்காத படம், பொறுக்கி வைத்த கல் எல்லாம் அதில் போகும். அக்கா உட்பட யாரும் கேட்காமல் அதில் கை விடக் கூடாது. பாதுகாப்புக்காகப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் அந்தப் பிள்ளையின் முன்னால் பாருங்கள்.

இல்லங்களில் உடை, பாய், தட்டு எல்லாம் பொதுவில் புழங்கும். நேற்று விட்டது இன்றைக்கும் அதே ஆணியில் இருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்குப் புது அனுபவம். முதல் சில வாரங்கள் சிலர் பையைத் தோளிலேயே மாட்டிக்கொண்டு திரிவார்கள். ஆணியில் மாட்டச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், தானாக மாட்டுவார்கள்.

பெருக்கும்போது ‘குப்பை’ என்று முடிக்காத படங்களைத் தூக்கிப் போடுவது இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. சமையலம்மாவுக்கும் பெருக்குபவருக்கும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

## 7. “நான் வரல”

கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டு, வராதவளைச் சுற்றி நின்று கெஞ்சினால் அதுவும் கட்டாயம்தான். பதில் குட்டியாக இருக்க வேண்டும்.

“நான் வரலக்கா.”

“சரிம்மா. எங்க இருப்ப?”

“இங்க.”

“சரி. நான் பாய்கிட்டதான் இருக்கேன்.”

அவ்வளவுதான். “ஏன்?” கிடையாது, “எல்லாரும் விளையாடுறாங்க பாரு” கிடையாது. எங்கே இருப்பாள் என்று கேட்பது மட்டும் தேவை, ஏனென்றால் எல்லோரும் கண்பார்வையில் இருக்க வேண்டும். அதற்காகவே கூடத்தின் ஒரு மூலையில், பாய் தெரியும் இடத்தில், இரண்டு தலையணை போட்டு வையுங்கள். அங்கே இருப்பவளிடம் வேலை சொல்லக் கூடாது.

பங்கெடுக்காமல் இருப்பது வேறு, ஒடுங்கிப் போவது வேறு. பாயைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவளுக்கு அவசரமில்லை. அவளுடைய நாள் வரும். சாப்பாடு குறைந்து, தூக்கம் கெட்டு, தோழியிடமும் பேசாமல் இருந்தால் அதை விளையாட்டால் சரிசெய்ய முயலாதீர்கள். ஒரு வாரத்துக்குள் ஆற்றுப்படுத்துநரிடம் சொல்லுங்கள். இல்லத்தில் ஆற்றுப்படுத்துநர் இல்லையென்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் உதவியைக் கேட்கலாம்.

பாயைப் பரிசாகவோ தண்டனையாகவோ ஆக்காதீர்கள். “வீட்டுப்பாடம் முடிச்சாதான் விளையாட்டு” என்ற நாளிலிருந்து அது இன்னொரு பரீட்சை. மேலே உள்ள அட்டவணையில் முதல் பாய் படிப்புக்கு முன்னால் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய பிள்ளைகளைக் குட்டி வார்டன்களாக ஆக்கிவிடுவது இன்னொரு பழக்கம். ஒன்பதாவது படிப்பவள் சின்னவர்களுக்குத் தலை பின்னிவிட விரும்பினால் செய்யட்டும். அது அவள் கடமை என்று பட்டியலில் ஏறக் கூடாது.

## 8. படுக்கைக்கு முன்

வரிசை மாறவே கூடாது: பல் துலக்கல், கழிப்பறை, பாய் விரிப்பு, கதை, விளக்கு. கதை சொல்பவரும் முடிந்தவரை ஒரே ஆள். அவர் விடுப்பு என்றால் நாளை யார் என்பதை முந்தைய இரவே சொல்லிவிடுங்கள், “நாளைக்கு நான் இல்ல, வேற அக்கா வருவாங்க. நான் வெள்ளிக்கிழமை வந்துருவேன்.” சொல்லாமல் காணாமல் போகும் பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

படுக்கையை நனைக்கும் பிள்ளை இருந்தால், விளக்கணைக்கும் முன் எல்லோரையுமே கழிப்பறைக்கு அனுப்புங்கள். அவளை மட்டும் கூப்பிட்டால் அறைக்கே தெரிந்துவிடும். மாற்று விரிப்பு அவள் கையெட்டும் இடத்தில் இருக்கட்டும். காலையில் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். நடைபாதையில் ஒரு சின்ன விளக்கு இரவு முழுக்க எரியட்டும்.

## 9. கனமான மாலைகள்

சில நாட்களில் மாலை அட்டவணைப்படி போகாது. முன்கூட்டியே தெரிந்த நாட்கள்தான் அவை: பார்வையாளர் வரும் ஞாயிறு, குழந்தைகள் நலக் குழு முன் ஆஜராகிவிட்டு வந்த நாள், ஒரு தோழி இல்லத்தை விட்டுப் போன நாள், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் பாதிப் பேர் ஊருக்குப் போய் மீதிப் பேர் இருக்கும் நாள்.

நம் இல்லத்தில் ஞாயிறு நான்கு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிகிறது என்று வையுங்கள். 22 பேரில் ஒன்பது பேருக்கு ஆள் வந்தது, ஒருத்திக்கு வருவதாகச் சொன்ன மாமா வரவில்லை. ஐந்து மணிக்கு அணி ஆட்டம் வைத்தால் அடிதடிதான். அன்று வெளி நேரத்தில் கைக்கு வேலை கொடுங்கள்: கேழ்வரகு அடைக்குக் கீரை ஆய்வது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. உடல் அசைய வேண்டும், ஆனால் வெற்றி தோல்வி இருக்கக் கூடாது. மாமா வராத பிள்ளையிடம் “அடுத்த வாரம் வருவார்” என்று சொல்லாதீர்கள், அது நம் கையில் இல்லை. “வரல, கஷ்டமா இருக்கும்” என்பது போதும். நான்கு அசையாத நேரங்களை மட்டும் அன்றைக்கும் விடாதீர்கள்.

புதிய பிள்ளை வந்த முதல் மாலை, அவளை முன்னால் நிறுத்தி அறிமுகம் செய்ய வேண்டாம். அவள் பெயர் போட்ட மஞ்சப்பையும் ஆணியும் அவள் வருவதற்கு முன் தயாராக இருந்தால் போதும்.

## 10. வெளியாட்கள்

பிறந்தநாளுக்குச் சாப்பாடு போட வருபவர்கள் நல்ல மனதோடுதான் வருகிறார்கள். ஆனால் சாப்பாடு எட்டரைக்குத் தள்ளிப்போகிறது, பிள்ளைகள் வரிசையில் நின்று பாட்டுப் பாட வேண்டியிருக்கிறது, கடைசியில் போட்டோ. மாலையை விட்டு, விடுமுறை நாள் மதியத்தைக் கொடுங்கள். பாட்டும் நன்றியுரையும் கிடையாது என்று முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். போட்டோ விஷயத்தில் இளைஞர் நீதிச் சட்டம், 2015-இன் 74-ஆவது பிரிவை எடுத்துக் காட்டுங்கள். இல்லத்துக் குழந்தையின் அடையாளத்தை வெளியிட்டால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொன்னாலே போதும்.

தன்னார்வலர் என்றால் வாரத்தில் ஒரே கிழமை, குறைந்தது மூன்று மாதம். அதற்கு முடியாதவரைக் கணக்கெழுதவும் சாமான் வாங்கவும் அனுப்புங்கள், பாயில் உட்கார வைக்க வேண்டாம். மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனியாக யாரும் இருக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் விதி. எழுத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

## 11. இரவு நோட்டு

விளக்கணைத்த பிறகு மூன்று வரி: எங்கே சிக்கல் வந்தது, பாய்க்கு வராதவர் யார், நாளை மாற வேண்டியது என்ன. மறுநாள் மாலை அக்கா வந்ததும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை நோட்டைப் புரட்டி, குழந்தைகள் குழுவிடமும் கேட்டு, ஒன்றே ஒன்றை மாற்றுங்கள். இரண்டை ஒரே சமயம் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாது. வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபரில் வெளி விளையாட்டு எப்படியும் கூடத்துக்கு வரும். அந்த மாதம் வேறு எதையும் தொடாதீர்கள்.

நோட்டில் பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. மேசை மேல் விட்டுப் போகாமல் அலமாரியில் பூட்டி வையுங்கள். சாவி அடுத்த அக்காவிடம்.